பிடுங்கியும் போகாத பல்வலி

"டாக்டர், வயது 53, ராயபுரத்தில் இருக்கிறேன். நாலு மாதமாக வலது மேல் பல்வரிசையில் ஷாக் அடித்த மாதிரி வலி. பல் துலக்கினாலே சுரீர் என்கிறது. ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் நிற்கவில்லை. பக்கத்துப் பல்லையும் எடுத்துவிடலாமா? மூளையில் கட்டி என்று நெட்டில் போட்டிருக்கிறது. சைனஸோ, இதயமோ?"

அந்தப் பல்லை விட்டுவிடுங்கள் அம்மா. இது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்ற நரம்பு வலியாகத்தான் தெரிகிறது. முகத்துக்கும் பல்லுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு மூளைத்தண்டில் சேரும் இடத்தில், பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் உரசி அதன் மேலுறையைத் தேய்த்துவிடுகிறது. உறை போன வயர் மாதிரி, லேசாகப் பட்டாலே பொறி பறக்கிறது. கோளாறு அங்கே இருக்கும்போது பல்லைப் பிடுங்கி என்ன பயன்?

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா மூன்று பல் போன பிறகுதான் என்னிடம் வந்தார். சொத்தைப்பல் வலிக்காரர்கள் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவார்கள். இவரோ முந்தானையைக் கன்னத்தில் படாமல் திரைபோலப் பிடித்திருந்தார், கடல்காற்று பட்டுவிடக் கூடாதென்று. முகம் கழுவி இரண்டு வாரம் ஆகியிருந்தது. வலி சில நொடிதான், அதிகம் போனால் இரண்டு நிமிடம். நடுவில் ஒன்றுமே இல்லை. சொத்தை அப்படி வந்து வந்து போகாது. விண் விண்ணென்று நீடிக்கும், தூங்கவிடாது, தட்டினால் அந்த ஒரு பல் மட்டும் வலிக்கும்.

சைனஸ் என்றால் மூக்கடைப்போடு மேல்பற்கள் பல சேர்ந்து மந்தமாக வலிக்கும், குனிந்தால் கனக்கும். இதய வலி தாடைக்கு வந்தால் படியேறும்போது பிடித்து, உட்கார்ந்தால் விடும். உங்களுடையது இரண்டுமில்லை.

கட்டி பயத்துக்கு வருவோம். இந்த வலி உள்ளவர்களில் சிலருக்கே கட்டி காரணம். அதை நெட்டில் தேடித் தெரிந்துகொள்ள முடியாது, ஒரு எம்.ஆர்.ஐ. சொல்லிவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியது மரத்துப்போவதை. வலி இல்லாத நேரத்தில் பஞ்சு நுனியால் இரண்டு கன்னத்தையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வலப்பக்கம் உணர்ச்சி குறைந்திருந்தாலோ, அந்தப் பக்கக் காது மந்தமானாலோ தள்ளிப்போடாதீர்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஸ்டான்லியில் நரம்பியல் பிரிவுக்குப் போங்கள்.

கடையில் வாங்கும் வலி மாத்திரை இதற்குக் கேட்காது, வயிறுதான் புண்ணாகும். இதற்கு முதல் மருந்து கார்பமசெபின். 100 மில்லிகிராம் அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவோம். பலருக்குச் சில நாளிலேயே வலி அடங்கும். ஆனால் யாரோ சொன்னார்கள் என்று நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ரத்தத்தில் சோடியம் குறையலாம், அதற்குப் பரிசோதனை வேண்டும். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால், முக்கியமாக முதல் சில வாரங்களில், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.