மெஷின் மேனுவலைத் தமிழாக்கும்போது டார்க், பிரஷர், ஃப்ளோ அளவுகளை மாற்றித் தரணுமா, அப்படியே விட்டுடலாமா?

மாற்றித் தாருங்கள், ஆனால் மூல அளவையும் பக்கத்திலேயே வையுங்கள். நீங்கள் இன்னும் ஃபைலை அனுப்பியிருக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றின் பராமரிப்புக் கையேட்டை நான் தமிழாக்கினேன். போல்ட் இறுக்கும் அட்டவணையில் பெரிய போல்ட்டுகளுக்கு அடி-பவுண்டு, சின்னவற்றுக்கு அங்குல-பவுண்டு. தலைப்பில் இருந்த அடி-பவுண்டை மட்டும் பார்த்துவிட்டு எல்லா வரியையும் நியூட்டன்-மீட்டராக்க 1.356-ஆல் பெருக்கிவிட்டேன். வால்வு மூடியின் M6 போல்ட்டுக்கு வந்திருக்க வேண்டியது இது:

```
90 in-lb × 0.113 = 10.2 N·m
```

நான் கொடுத்தது 122. ஃபிட்டர் டார்க் ரெஞ்சை அதில் வைத்து, 'க்ளிக்' கேட்கும்வரை இழுத்திருக்கிறார். க்ளிக் வரவில்லை, போல்ட் தலை முறிந்து சாக்கெட்டோடு வந்துவிட்டது, தண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது. "பேப்பர்ல இருந்தபடிதான் சார் வச்சேன்" என்று அவர் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அதே அட்டவணையில் M12 போல்ட்டுக்கு 81 என்று நானே எழுதியிருக்கிறேன். ஒரே தர போல்ட்டுகளில் சின்னதற்குப் பெரியதைவிட அதிக டார்க் வராது. இப்போதெல்லாம் அட்டவணை முடிந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

ஃப்ளோவில் ஆபத்து கேலனில் இருக்கிறது. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. அமெரிக்கக் கையேட்டில் நிமிடத்துக்கு 20 கேலன் என்றால் 76 லிட்டர். 91 என்று எழுதிவிட்டால், நல்ல பம்ப்பைத் தேய்ந்துவிட்டது என்று கழற்றிப் போடுவார்கள். கையேடு எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று கேட்டுவிட்டுக் கணக்கில் இறங்குங்கள்.

பிரஷரில் நம் பட்டறைப் பேச்சையும் கணக்கில் எடுக்க வேண்டும். "ஆறு கிலோ பிரஷர்" என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ. அதனால் 600 கிலோபாஸ்கலை வெறும் "600 கிலோ" என்று சுருக்கவே கூடாது. அது பட்டறைக் கணக்கில் 6.1 கிலோதான்.

'மொழிபெயர்ப்பாளர் எண்ணில் கை வைக்கக் கூடாது' என்று சிலர் வருவார்கள். ஒப்பந்தத்தில் அப்படி இருந்தால் கை வைக்காதீர்கள். ஆனால் அலகின் பெயரைத் தமிழில் எழுதும் பொறுப்பு அப்போதும் உங்களுடையதுதான். அங்குலத்தை அடி என்று எழுதினாலும் அதே போல்ட்தான் முறியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை தரும் ஏஜென்சி சொல்லுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது, எண்களைச் சொல்லாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த அட்டவணையைச் சரிபார்த்துத் திரும்ப அனுப்ப எனக்கு ஒரு முழு நாள் ஆனது. அதற்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை.