தாமத டெலிவரிக்கு எல்.டி: எது நிற்கும், எது அபராதம்?

"சப்ளையர் லேட் பண்ணினால் நாளுக்கு 2 சதவீதம் பிடித்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் செல்லுமா? அபராதம் என்று கோர்ட்டில் தள்ளிவிடுவார்களா?"

இந்தியாவில் முழுதாகத் தள்ளிவிட மாட்டார்கள், அப்படியே தூக்கிக் கொடுக்கவும் மாட்டார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, எல்.டி (liquidated damages), அதாவது தாமதத்துக்கு இழப்பீடாக முன்கூட்டியே நீங்கள் எழுதும் தொகை, ஓர் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். இங்கிலாந்தில் அபராதம் என்று முடிவானால் அந்த ஷரத்தே செல்லாது. இங்கே அப்படி இல்லை.

ஆனாலும் எப்படி எழுதுகிறோம் என்பது முக்கியம். உச்ச நீதிமன்றம் 2003இல் ஓ.என்.ஜி.சி – சா பைப்ஸ் வழக்கில், நஷ்டத்தைக் கணக்கிட்டு நிரூபிப்பது கடினமாக இருந்து, தொகையும் நேர்மையான முன்மதிப்பீடாக இருந்தால் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்றது. 2015இல் கைலாஷ்நாத் வழக்கில், நஷ்டமே இல்லையென்றால் இழப்பீடும் இல்லை என்று தெளிவாக்கியது.

ஒரு சாயப்பட்டறைக்கு 40 லட்ச ரூபாய் பாய்லர் வாங்க நான் ஒப்பந்தம் எழுதினேன். முதலாளியும் உங்களைப் போலவே நாளுக்கு 2 சதவீதம் கேட்டார். அதாவது நாளுக்கு 80,000, வாரத்துக்கு 5,60,000. சரி, ஒரு வாரம் தாமதமானால் உண்மையில் என்ன போகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வாடகை பாய்லருக்கும் கூடுதல் எரிபொருளுக்கும் 45,000, வேலையில்லாமல் கொடுக்கும் கூலி 15,000. மொத்தம் 60,000, விலையில் 1.5 சதவீதம். அவர் கேட்டது அதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல். மிரட்டத்தான் போட்டார்கள் என்று எதிர்த்தரப்பு வாதாட அதுவே போதும். கடைசியில் வாரத்துக்கு 1.5 சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம், அதைத் தாண்டினால் ஆர்டரை ரத்து செய்யும் உரிமை என்று எழுதினோம். கணக்குத் தாளில் தேதி போட்டு, கையெழுத்துக்கு முன்பே ஃபைலில் வைத்தோம். என்னைக் கேட்டால் ஷரத்தைவிட அந்தத் தாள்தான் பெரிய பலம்.

இன்னொன்றையும் பாருங்கள். எல்லாம் வந்து ஒரு ஏணி மட்டும் தாமதமானாலும் முழு விலையில் பிடிப்பீர்களா? அது அபராத வாடை அடிக்கும். வராத பகுதியின் விலையில் பிடிப்பதாக எழுதுங்கள். பர்னர் வராமல் பாய்லரே ஓடாது என்றால் மட்டும் முழு விலையில் பிடிப்பது பொருந்தும். அந்தக் காரணத்தையும் ஷரத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மேலே 'எல்.டி' என்று தலைப்பு போட்டால் காப்பாற்றாது, நீதிமன்றம் உள்ளே இருப்பதைத்தான் பார்க்கும்.

அப்புறம், காலக்கெடுவை முக்கிய நிபந்தனையாக வைத்த ஒப்பந்தத்தில் தாமதமாக வந்த சரக்கைச் சும்மா வாங்கி வைத்துவிடாதீர்கள். இழப்பீடு கேட்கப்போகிறோம் என்று வாங்கும்போதே அறிவிப்புக் கொடுக்காவிட்டால், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவுப்படி பிறகு கேட்க முடியாது. டெலிவரி சலானில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அன்றைக்கே ஒரு மெயிலும் அனுப்புங்கள்.