நடுங்கும் கையெழுத்து: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

என் தாத்தாவுக்கு 86 வயது. ஊரில் தனியாக இருக்கிறார். காது கேட்காததால் போனில் பேச முடியாது, மாதம் ஒரு கடிதம் எழுதுவார். இரண்டு வருடமாகக் கை நடுங்குகிறது. எழுத்துகள் பாதியில் அறுந்து நிற்கின்றன, வரி சரிந்து அடுத்த வரியில் போய் இடிக்கிறது. போன கடிதத்தில் ஏதோ செலவுக் கணக்கு எழுதியிருக்கிறார், தொகை எவ்வளவு என்றே தெரியவில்லை. படிக்க முடியவில்லை என்று சொன்னால் எழுதுவதையே விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. இதைப் படிக்க வழி உண்டா?

ச.

அன்புள்ள ச.,

உண்டு. என் பெரியப்பாவுக்கும் இதே நடுக்கம்தான். அவர் கடைசி ஆறு வருடம் எழுதிய கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. முதலில் வந்தவற்றைப் பாதி புரியாமலே மடித்து வைத்துவிட்டேன். அவர் போன பிறகுதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். உங்கள் தாத்தா இருக்கிறார், அதனால் நீங்கள் இப்போதே தொடங்கிவிடுங்கள்.

எழுத்தின் வடிவத்தைப் பார்த்துப் படிக்க முயன்றால் தோற்றுப்போவீர்கள். கை போன வழியைப் பார்க்க வேண்டும். மை இல்லாத ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு, கடிதத்தின் ஜெராக்ஸ் மேல் அவருடைய கோட்டிலேயே மெதுவாகப் போய்ப் பாருங்கள். முதுமையில் சாதாரணமாக வரும் கை நடுக்கம் வினாடிக்கு 4 முதல் 12 முறை வரை ஆடும். வயது ஏற ஏற வேகம் குறையும், ஆட்டம் பெரிதாகும். ஆனால் ஒரே கடிதத்துக்குள் அந்த ஆட்டத்தின் வேகம் பெரிதாக மாறாது. கோட்டில் ரம்பப் பல் மாதிரி ஒரே உயரத்தில் வரிசையாக வரும் நெளிவு நடுக்கம். அதைவிடப் பெரிதாக, ஒரே ஒரு முறை திரும்பும் வளைவு அவர் வேண்டுமென்றே போட்டது. பேனா பல்லைத் தாண்டி வளைவை மட்டும் தொடர்ந்தால், நாலைந்து வரிக்குள் கை பழகிவிடும். சிறு வயதில் மணலில் விரல் பிடித்து எழுதிய அதே போக்குதான், அதனால் கண்ணுக்குப் புரிவதற்கு முன்பே கைக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்றும் அப்போது தெரியும். மெதுவாகப் போட்ட கோட்டில் பல் நிறைய இருக்கும், வேகமாகப் போட்டதில் குறைவாக இருக்கும். பெரியப்பாவின் கையொப்பமும் 'நலம், நலமறிய அவா'வும் ஓரளவு வழவழப்பாகவே இருக்கும், ஏனென்றால் அவை கை தானாக எழுதுபவை. பெயர்கள், தொகைகள் எல்லாம் பயங்கரமாக நடுங்கியிருக்கும். கவனமாக எழுதியதால்தான் அந்த நடுக்கம்.

அறுந்து நிற்கும் எழுத்துகளுக்கு ஒரு டார்ச் போதும். பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தம் குறைந்தால் மை வராது, ஆனால் தாளில் லேசான பள்ளம் விழுந்திருக்கும். இருட்டறையில் தாளை மேஜையில் வைத்து, டார்ச்சைத் தாளோடு தாளாகப் படுக்கவைத்து ஒரு பக்கத்திலிருந்து அடியுங்கள். மை இல்லாத இடத்திலும் கோடு நிழலாகத் தெரியும். பிறகு டார்ச்சை வேறு பக்கம் மாற்றி அடியுங்கள், ஏனென்றால் வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோடு நிழல் தராது. ஒரு எச்சரிக்கை: நோட்டில் வைத்து எழுதுகிறவர் என்றால் முந்தைய பக்கத்தின் பள்ளமும் இந்தத் தாளில் இருக்கும். மை உள்ள கோட்டின் இரண்டு நுனிகளையும் இணைக்கிற பள்ளத்தை மட்டும் நம்புங்கள்.

வரி சரிவதற்கும் காரணம் இருக்கிறது. நடுங்கும் கையை அடக்க அவர் முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்வார். ஊன்றிய முழங்கையைச் சுற்றிக் கை திரும்பும்போது வரி நேராகப் போகாது, வானவில் மாதிரி கொஞ்சம் ஏறிப் பிறகு இறங்கும். கை எட்டாத இடத்தில் முழங்கையைத் தூக்கி நகர்த்துவார், அங்கே வரி ஒரு குதி குதிக்கும். பெரியப்பாவுக்கு அந்தக் குதி ஏறக்குறைய ஐந்து விரற்கடைக்கு ஒரு தடவை வரும். அது தெரிந்த பிறகு, கீழே விழுந்து கிடக்கும் சொல் மேல்வரியுடையதா கீழ்வரியுடையதா என்ற குழப்பமே போய்விட்டது. ஸ்கேல் வைத்துப் படிக்காதீர்கள், அது நேர்க்கோட்டையே காட்டும். ஒரு கறுப்பு நூலை வரிக்கு அடியில் அதன் வளைவுக்கேற்பப் போட்டு, ஒவ்வொரு வரியாக நகர்த்துங்கள்.

இனி எழுத்து. தமிழில் எல்லா எழுத்தும் ஒரே மாதிரி கெடுவதில்லை. ட, ப, ய போல மூலை உள்ளவை நடுக்கத்தைத் தாங்கிவிடும். ண, ன, ஞ, இ போலச் சுழியை நம்பி நிற்பவை நூல் சிக்கலாகிவிடும். மூன்று சுழியா இரண்டு சுழியா என்று எண்ணிக்கொண்டிருந்தால் ஒரு வரி படிக்க ஒரு மணி நேரம் ஆகும். பள்ளியில் படித்த இன எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குள் சிக்கலை அடுத்துத் தெளிவாக ட இருந்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் ண், ற இருந்தால் ன், த இருந்தால் ந். முதலில் வரி முழுக்க வல்லினத்தைத் தேடிப் பென்சிலால் குறியுங்கள் (ஜெராக்ஸில்தான், அசலில் வேண்டாம்). அதன் பக்கத்து மெல்லினம் தானாக வந்துவிடும். புள்ளியைச் சுத்தமாக நம்ப வேண்டாம். எழுத்தை முடித்துக் கை மேலே போவதற்குள் புள்ளி வலப்பக்கம் தள்ளி விழும், சில சமயம் மேல்வரி எழுத்தின் காலடியில் போய் உட்காரும். பேனாவை வைத்துவிட்டு யோசித்த இடத்திலும் ஒரு புள்ளி இருக்கும்.

உங்கள் தாத்தா வயதுக்காரர்களிடம் நடுக்கத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு சிக்கலும் உண்டு. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு வெகுகாலம் முன்பே அவர் எழுதப் பழகியவர். ணை, லை, ளை, னை நான்கையும் முன்னால் துதிக்கை மாதிரி ஒரு வளைவு போட்டு எழுதுவார். ணா, றா, னாவுக்குத் தனியாகக் கால் போடாமல் எழுத்தின் வாலையே சுழித்து முடிப்பார். இதைத் தெரியாதவர்கள் அந்தத் துதிக்கையையும் வாலையும் கை உதறல் என்று தள்ளிவிடுவார்கள். நானும் தள்ளினேன்.

எங்கே தள்ளினேன் என்று சொல்கிறேன். 1994 ஜனவரியில் வந்த ஒரு இன்லண்ட் லெட்டர். அதில் 'வடக்கு வரப்பில்' என்பது தெரிந்தது, கொஞ்சம் தள்ளி 'பட்டுப் போச்சு' என்பதும் தெரிந்தது, ட இரண்டும் கல்லில் வெட்டியது மாதிரி நின்றன. நடுவில் ஒரு சொல். கொம்பு, த, அப்புறம் இரண்டு சிக்கல். 'தெள்ள' என்று படித்தேன், பொருளே வரவில்லை. இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டு மறுபடி மை இல்லாத பேனாவால் தொடர்ந்தபோது, இரண்டாவது சிக்கலுக்கு முன்னால் மேலே எழும்பும் வளைவு நடுக்கப் பல்லைவிட மூன்று மடங்கு பெரிதாக இருப்பது கையில் பட்டது. அதே கடிதத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு வரி இருந்தது: 'உன்னைப் பார்த்து ஒரு வருஷம் ஆச்சு'. அங்கே இருந்த னையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே துதிக்கை. முதல் சிக்கலுக்கு உரிய புள்ளி மேல்வரியில் 'வரப்பில்' அடியில் கிடந்தது. தென்னை. வடக்கு வரப்பில் தென்னை இரண்டு பட்டுப் போச்சு.

அதற்கு அடுத்தது தொகை. மரத்தை வெட்டி விற்றதில் வந்தது ரூபாய் 100 என்றும் படிக்கலாம், 700 என்றும் படிக்கலாம். இங்கே பொருளைப் பார்த்து ஊகிக்கவே கூடாது. எண்ணுக்கு முன்னும் பின்னும் இலக்கணம் கிடையாது, தோதாக இருக்கிற தொகையை மனசு தானாக எடுத்துக்கொள்ளும். சந்தேகத்துக்கு இடமில்லாத எண் ஒன்று வேண்டும். கடிதத்தின் தலையில் அவர் தேதி போட்டிருந்தார், உறையாக மடித்த பக்கத்தில் தபால் முத்திரை 18-1-94 என்று தெளிவாக இருந்தது. அவர் எழுதிய மறுநாளே தபாலில் போடுகிறவர், எனவே தலையில் இருந்தது 17. அவருடைய 1-ம் 7-ம் அடுத்தடுத்து ஒரே இடத்தில் கிடைத்துவிட்டன. 1-க்கு மேலே அவர் எதுவும் போடவில்லை, நடுங்கினாலும் ஒற்றைக் கோடுதான். 7-க்கு இடப்பக்கம் ஒரு சின்ன நீட்டல் இருந்தது. தொகையில் அந்த நீட்டல் இருந்தது. 700.

உங்கள் தாத்தாவின் செலவுக் கணக்குக்கும் இப்படித்தான் செய்ய வேண்டும். வீட்டுக் கதவு எண், பின்கோடு, தேதி என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எண்கள் அவர் கையில் எத்தனையோ இருக்கும். பழைய கடிதங்களிலிருந்து 0 முதல் 9 வரை வெட்டி ஒட்டி ஒரு தாள் தயார் செய்துவிடுங்கள். தெரிந்த சொற்களிலிருந்து எழுத்துகளுக்கும் அப்படி ஒரு தாள். இது இல்லாமல் தொகையைப் படிக்காதீர்கள்.

பெயர்த்து எழுதும்போது உறுதியானதை அப்படியே எழுதுங்கள், ஊகத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள், தெரியாததற்கு எழுத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். அவர் 'போச்சு' என்று எழுதினால் போய்விட்டது என்று திருத்தாதீர்கள். ஒரு எழுத்தின் மேலேயே இரண்டு தடவை எழுதியிருந்தால் அது நடுக்கம் இல்லை, திருத்தம். மை கனமாக உள்ள கோடு பின்னால் வந்ததாக இருக்கலாம், அதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள். வரியின் தொடக்கத்தில் எழுத்து பெரிதாக இருந்து முடிவுக்குப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகிறதா? பார்க்கின்சன் நோயில் அப்படிச் சிறுக்கும். நான் மேலே சொன்ன நடுக்கத்தில் எழுத்து பொதுவாகச் சிறுக்காது, பெரிதாகவும் கோணலாகவும்தான் வரும். சிறுத்துக்கொண்டு போனால் அந்தக் கடிதங்களை எடுத்துக்கொண்டு அவரை ஒரு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அவரிடம் கேட்பது பற்றி. புரியவில்லை என்று எழுத வேண்டாம். நீங்கள் படித்ததைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதி, ஊகங்களுக்குக் கீழே கோடு போட்டு அனுப்புங்கள். 'தாத்தா, நீங்கள் எழுதியதை நோட்டில் ஏற்றி வைக்கிறேன், சரியா என்று பாருங்கள்' என்று ஒரு வரி சேருங்கள். அவர் டிக் அடித்தாலும் போதும், அடித்துவிட்டு மேலே எழுதினாலும் போதும். டிக் அடிக்கக் கை அவ்வளவு சிரமப்படாது. கூடவே அகலக் கோடு போட்ட தாளும், அழுத்தாமலே எழுதும் ஸ்கெட்ச் பேனா இரண்டும் வைத்து அனுப்புங்கள். நடுக்கம் அப்படியே இருக்கும், ஆனால் எழுத்து அறுந்து போவது குறையும். இதை என் பெரியப்பாவுக்குச் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

அன்புடன்,
மா.