ஃப்ளூ தடுப்பூசி 40% என்றால், எதில் 40?

"40% செயல்திறன்னா ஊசி போட்ட 100 பேர்ல 60 பேருக்கு ஃப்ளூ வந்துடும், அவ்வளவுதானே சார்?"

இல்லை. ஊசி போடாத 100 பேரில் ஒரு பருவத்தில் 10 பேருக்கு ஃப்ளூ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி 100 பேர் ஊசி போட்டிருந்தால் 6 பேருக்கு வரும். 10 என்பது 6 ஆனதுதான் அந்த 40%. மீதி 94 பேரை உங்கள் கணக்கு மறந்துவிடுகிறது.

"ஊசி போட்டவங்க எல்லாரையும் வருஷம் முழுக்கப் பின்தொடர்ந்தா எண்ணுறாங்க?"

அப்படிச் செய்தால் முடிவு வருவதற்குள் பருவமே போய்விடும். இப்போது பெரும்பாலும் செய்வது இதுதான்: காய்ச்சல், இருமலோடு கிளினிக்குக்கு வருபவர்களின் மூக்கிலிருந்து மாதிரி எடுத்து பி.சி.ஆர். சோதனை செய்வார்கள். ஃப்ளூ இருப்பவர்கள் ஒரு பக்கம். அதே இருமலோடு வந்து, சோதனையில் ஃப்ளூ இல்லாதவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் எத்தனை பேர் ஊசி போட்டிருந்தார்கள் என்று பார்ப்பார்கள்.

கணக்கு புரிவதற்காக நானே சில எண்களை வைக்கிறேன். ஃப்ளூ உறுதியான 400 பேரில் 120 பேர் ஊசி போட்டவர்கள், 280 பேர் போடாதவர்கள். ஃப்ளூ இல்லாத 600 பேரில் 300 பேர் போட்டவர்கள், 300 பேர் போடாதவர்கள். முதல் பக்கத்து விகிதம் 120/280, அதாவது 0.43. இரண்டாவது பக்கத்தில் 1. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.43. அதை 1-இலிருந்து கழித்தால் 0.57, அதாவது செயல்திறன் 57%.

இதில் நான் அதிகம் தடுமாறியது ஊசி போட்ட விவரத்தில்தான். "போட்டேனே" என்று உறுதியாகச் சொல்வார்கள். அட்டையைப் பார்த்தால் போன பருவத்துத் தேதி இருக்கும். பதிவேட்டோடு ஒப்பிடாமல் வாய்ச்சொல்லை மட்டும் எடுத்தால் சதவீதம் நகர்ந்துவிடும்.

"இரு தரப்பும் டாக்டரிடம் போனவர்களே என்பதால், உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள்தான் ஊசி போடுகிறார்கள் என்ற சாய்வு குறையும். ஆனால் பருவத்தின் மாதத்தைச் சரிசெய்யாவிட்டால்?"

சரியாகப் பிடித்தீர்கள். பருவத் தொடக்கத்தில் ஊசி போட்டவர்களும் குறைவு, ஃப்ளூவும் குறைவு. எல்லா மாதத்தையும் ஒன்றாகக் கொட்டினால் கணக்கு குழம்பும். அதனால் வயது, நோய் வந்த வாரம், நாள்பட்ட நோய் இவற்றுக்கெல்லாம் சரிசெய்துதான் இறுதி எண்ணைத் தருவார்கள். அப்புறமும் கொஞ்சம் சாய்வு மிஞ்சும்.

"நான் ஊசி போட்ட மூணாவது நாளே காய்ச்சல் வந்து படுத்தேன். அப்போ எனக்கு 0 சதவீதம்தானே?"

உங்களுக்கு வந்தது ஃப்ளூதானா என்பது சோதனை இல்லாமல் தெரியாது. ஃப்ளூவே என்றாலும், எதிர்ப்பு சக்தி உருவாக சுமார் 2 வாரம் ஆகும். அதனால் ஊசி போட்டு 14 நாளுக்குள் நோய் வந்தவர்களை ஆய்வில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அப்புறம், சதவீதம் ஒரு கூட்டத்துக்கானது; தனி ஒருவருக்கு அதைப் பிரித்துக் கொடுக்க முடியாது.

"ஒரு வருஷம் 60, இன்னொரு வருஷம் 19. அதே ஊசிதானே?"

அதே ஊசி இல்லை. வட அரைக்கோளத்துக்கான வைரஸ் வகைகளை உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலேயே பரிந்துரைக்கிறது. தயாரிக்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வைரஸ் மாறிவிடலாம். அமெரிக்காவில் 2014-15-இல் 19% வந்தது இப்படித்தான்: பரவிய எச்3என்2 என்ற வகை ஃப்ளூ வைரஸ்களில் பெரும்பகுதி, ஊசியில் இருந்ததிலிருந்து விலகிப் போயிருந்தது.

2017-18 இன்னும் தெளிவான உதாரணம். அங்கே மொத்தச் செயல்திறன் 38%. பிரித்துப் பார்த்தால் எச்1என்1-க்கு 62%, பி வகைக்கு 50%, எச்3என்2-க்கு 22%. அந்தப் பருவத்தில் எச்3என்2தான் அதிகம் பரவியதால் மொத்த எண் கீழே இறங்கியது. எச்1என்1 ஓங்கியிருந்தால் அதே ஊசிக்கு மேலான எண் கிடைத்திருக்கும். ஆகவே சதவீதத்தைப் படிக்கும்போது எந்த வைரஸ் பரவியது என்றும் கேளுங்கள்.

"எங்கம்மாவுக்கு 70 வயசு. பெரியவங்களுக்கு எண் எப்பவும் குறைவாவே இருக்கே, போட்டு என்ன பயன்?"

வயதாக ஆக ஊசிக்கு உடல் காட்டும் எதிர்வினை தளர்கிறது, எச்3என்2 அவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. இரண்டும் உண்மை. ஆனால் எண்ணின் அகலத்தையும் பாருங்கள். முதியவர்களில் ஃப்ளூ உறுதியானவர்கள் 40 பேர், அதில் 24 பேர் ஊசி போட்டவர்கள்; ஃப்ளூ இல்லாதவர்கள் 60 பேர், அதில் 42 பேர் போட்டவர்கள் என்று வையுங்கள். கணக்கு 36% தரும். ஆனால் ஆள் குறைவாக இருப்பதால், உண்மை 72% முதல் பூஜ்யத்துக்கும் கீழே வரை எங்கும் இருக்கலாம். செய்தியில் வருவது 36 மட்டுமே. பல வயதுக் குழு வித்தியாசங்கள் இப்படிப்பட்ட மங்கலான எண்கள்தான்.

அம்மாவுக்கு ஆபத்து நமக்கிருப்பதைவிடப் பல மடங்கு என்பதால், அந்த ஆபத்து 36% மட்டுமே குறைந்தாலும் தவிர்க்கப்படும் நோயாளிகள் அதிகம். 65 வயதைக் கடந்தவர்களுக்கென அதிக அளவு மருந்துள்ள ஊசியும் உண்டு. 2014-இல் வெளியான சோதனையில், வழக்கமான ஊசியைவிட அது ஃப்ளூவை சுமார் 24% கூடுதலாகத் தடுத்தது. டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

"வருஷாவருஷம் போட்டா பலன் குறையுதுன்னு சொல்றாங்களே?"

சில பருவங்களில், சில வைரஸ்களுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது, மற்றவற்றில் தெரியவில்லை. சிறுவயதில் முதலில் சந்தித்த வைரஸ் எது என்பதும் இதில் கலக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இது இன்னும் முடியாத வழக்கு. ஆனால் தொடர்ந்து போட்டவர்களையும் அந்தப் பருவத்தில் போடாதவர்களையும் ஒப்பிட்டால், பெரும்பாலும் போட்டவர்கள் பக்கமே தட்டு சாய்கிறது.