டிரெஷரி பில்லில் இரண்டு விகிதங்கள்: கைக்கு வருவது எது?

கேள்வி: அமெரிக்காவில் 26 வார டிரெஷரி பில் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஏல முடிவில் High Rate 5.000%, Investment Rate 5.201% என்று இரண்டு போடுகிறார்கள். எனக்கு உண்மையில் கிடைப்பது எது? என் வங்கி ஆறு மாத நிலை வைப்புக்கு, அதாவது சிடிக்கு, 5.25% APY தருகிறது. அப்படியானால் சிடிதானே லாபம்?

பதில்:

இல்லை. நீங்கள் சொன்ன இந்த எண்களில் பில்தான் கொஞ்சம் அதிகம் தருகிறது. மூன்று விகிதங்களும் மூன்று விதமாகக் கணக்கிட்டவை என்பதால், பார்த்தவுடன் அது தெரியாது.

முதலில் பணத்தை மட்டும் பார்ப்போம். டிரெஷரி பில் என்பது அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம். அதற்கு இடையில் வட்டி கிடையாது. முகமதிப்புக்குக் குறைவான விலையில் வாங்குகிறீர்கள், முதிர்வு நாளில் முழு முகமதிப்பும் வருகிறது. High Rate என்பது அந்தக் கழிவைச் சொல்லும் தள்ளுபடி விகிதம். விலை இப்படி வருகிறது:

```
விலை = 100 - (5 × 182 / 360) = 97.472222
```

10,000 டாலர் பில்லுக்கு நீங்கள் கட்டுவது 9,747.22 டாலர். 182 நாள் கழித்து வருவது 10,000. லாபம் 252.78. இந்த மூன்றும் மாறாத உண்மைகள். இவற்றை ஆண்டு விகிதமாக எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாக் குழப்பமும்.

தள்ளுபடி விகிதம் இரண்டு இடங்களில் உங்கள் வருமானத்தைக் குறைத்துக் காட்டுகிறது. ஒன்று, 252.78-ஐ அது 10,000-க்கு எதிராக அளக்கிறது. நீங்கள் போட்டதோ 9,747.22தான். நம் ஊர்த் தண்டலில் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, வட்டியை முன்னாடியே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் தருவார்கள். அங்கே உண்மையான வட்டி விகிதம் பார்க்க, கைக்கு வந்த பணத்தைத்தான் அடியில் வைப்போம். இங்கே கடன் கொடுப்பவர் நீங்கள். அதனால் கையை விட்டுப் போன பணத்தை அடியில் வைக்க வேண்டும்.

இரண்டு, ஆண்டுக்கு 360 நாள் என்று வைக்கிறது. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் 30, 60, 90 நாள் கணக்கைக் கையால் போட 360 வசதியாக இருந்தது. டிரெஷரி பில்கள் 1929-இல் வந்தவை. அந்த வழக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. கவனியுங்கள், மேலே இருக்கும் 182 உண்மையான நாட்கள்தான். மாதத்துக்கு 30 என்று வைத்து எண்ணியது அல்ல. வகுக்கும் எண் மட்டும்தான் 360.

Investment Rate இந்த இரண்டையும் திருத்துகிறது:

```
(100 - 97.472222) / 97.472222 × 365 / 182 = 5.201%
```

இடைவெளி எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள். 360-ஐ 365 ஆக்கியதும் 5.000 என்பது 5.069 ஆகிறது. அதை 0.97472-ஆல் வகுத்தால் 5.201. அதாவது பெரும்பகுதி அடியில் வைத்த தொகையால் வந்தது, நாள் கணக்கால் வந்தது சிறிய பகுதி. அதனால்தான் விகிதம் ஏற ஏற இடைவெளி விரிகிறது. 13 வார பில்லில் (91 நாள்) 5% தள்ளுபடி என்பது 5.134%. அதே 91 நாளுக்குத் தள்ளுபடி 15% என்றால் 15.81% ஆகிவிடும். 1981-இல் மூன்று மாத பில் விகிதங்கள் 15-ஐத் தாண்டின, அப்போது இது சில்லறை வித்தியாசம் இல்லை. வெவ்வேறு தவணை பில்களைத் தள்ளுபடி விகிதத்தை வைத்து ஒப்பிடுவதும் தவறு என்பது இதிலிருந்தே புரியும்.

நாட்களை எண்ணும்போது ஏல நாளிலிருந்து எண்ணாதீர்கள். 26 வார பில் வழக்கமாகத் திங்களன்று ஏலம், வியாழனன்று வெளியீடு. வெளியீட்டு நாளிலிருந்து முதிர்வு நாள் வரைதான் கணக்கு. வியாழன் விடுமுறையாகி வெள்ளிக்குத் தள்ளிப்போனால் நாட்களின் எண்ணிக்கையும் மாறும். அப்புறம், வெளியீட்டு நாளுக்குப் பிந்தைய ஓராண்டுக்குள் பிப்ரவரி 29 வந்தால் 365-க்குப் பதில் 366 போடுவார்கள். பில் அதற்கு முன்பே முதிர்ந்துவிட்டாலும் விதி இதுதான். அப்போது இதே விலைக்கு 5.215% என்று காட்டும், ஆனால் உங்களுக்கு வருவது அதே 252.78தான். போன ஏலத்தைவிட விகிதம் ஏறிவிட்டது என்று நினைப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

சரி, உங்கள் சிடிக்கு வருவோம். APY என்பது வட்டிக்கு வட்டி சேர்த்து ஓர் ஆண்டில் எவ்வளவு என்று சொல்வது. Investment Rate-இல் அந்த வட்டிக்கு வட்டி இல்லை. ஆகவே அதே 9,747.22 டாலரை 182 நாளுக்கு 5.25% APY-யில் போட்டுப் பாருங்கள்:

```
9747.22 × (1.0525^(182/365) - 1) = 251.89
```

பில்லில் 252.78. பில் 89 சென்ட் கூடுதல். பில்லையும் APY ஆக மாற்றினால் 5.27% வரும். 89 சென்ட் பெரிய தொகை இல்லைதான். ஆனால் டிரெஷரி பில் வருமானத்துக்கு மாநில வருமான வரி கிடையாது, சிடி வட்டிக்கு உண்டு. கலிஃபோர்னியா போன்ற மாநிலத்தில் இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

52 வார பில்லுக்குப் போனால் மேலே சொன்ன எளிய சூத்திரம் பொருந்தாது. 364 நாள், 5% தள்ளுபடி என்றால் விலை 94.944444. எளிய சூத்திரம் 5.339% என்று காட்டும். டிரெஷரி வெளியிடும் முறையிலோ 5.270%. காரணம் இதுதான்: Investment Rate-ஐ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தரும் கடன் பத்திரத்தோடு ஒப்பிடும்படி அமைத்திருக்கிறார்கள். அந்தப் பத்திரத்தில் முதல் அரையாண்டு வட்டி கைக்கு வந்து மறுபடி சம்பாதிக்கும். பில்லில் எல்லாம் கடைசியில்தான் வரும். அதைச் சரிக்கட்ட, அரை ஆண்டைத் தாண்டும் பில்களுக்கு மட்டும் இருபடிச் சமன்பாடு போட்டு விகிதத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி நடத்தும் 91, 182, 364 நாள் பில்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஈட்டத்தை விலையை அடியில் வைத்து, 365 நாளுக்குத்தான் சொல்கிறார்கள்.

கடைசியாக, நான் செய்த ஒரு தவறு. நிறுவனத்தின் உபரிப் பணத்தை எங்கே வைப்பது என்று எக்செலில் பட்டியல் போட்டபோது, பெயரைப் பார்த்து பில்களுக்கு TBILLYIELD போட்டேன். அது விலையைச் சரியாக அடியில் வைக்கிறது, ஆனால் ஆண்டை 360 நாளாகவே விட்டுவிடுகிறது. மேலே உள்ள பில்லுக்கு அது தருவது 5.130%. இரண்டு மாதமாகப் பில்கள் எல்லாமே பட்டியலில் ஓர் இடம் கீழே இருந்தன. நான் கவனிக்கவே இல்லை. ஒருநாள் ஏல முடிவின் Investment Rate-ஐப் பக்கத்து நெடுவரிசையில் ஒட்டியபோதுதான் ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்று தெரிந்தது. அரை ஆண்டுக்குள் முதிரும் பில்லுக்கு நீங்கள் போட வேண்டியது TBILLEQ. அதற்கு விலையைக் கொடுக்கக் கூடாது, தள்ளுபடி விகிதத்தைக் கொடுக்க வேண்டும்.