மழைக்கும் இரவு ஊர்வலத்துக்கும் ஸ்லோமோஷன்: முதலில் ஷட்டர், பிறகு ஃபிரேம் ரேட்

கேள்வி: "ஆடி மாசம் ஏற்காட்டு மழையையும் சேலம் குகை வண்டி வேடிக்கையையும் ஸ்லோமோஷன்ல எடுக்கப் போறேன். 120 ஃபிரேம்ல எடுத்துப் பார்த்தா மழை விழுற மாதிரியே இல்ல, புள்ளி புள்ளியா துள்ளுது. ராத்திரி தெருவுல எடுத்தா வெளிச்சம் துடிக்குது. ஃபிரேம் ரேட், ஷட்டர் ஸ்பீடு எவ்வளவு வைக்கணும்?"

இரண்டு தொல்லைக்கும் காரணம் வேறு வேறு. மழை துள்ளுவது ஷட்டரால். தெருவில் வெளிச்சம் துடிப்பது 120 என்ற அந்த எண்ணாலேயே. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மழையில் தொடங்குவோம். மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துளி வினாடிக்குச் சுமார் எட்டு மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. 120 ஃபிரேமில் எடுத்தால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் அது ஆறரை சென்டிமீட்டர் கீழே போய்விடும். இப்போது ஷட்டரைப் பாருங்கள். 1/240 வைத்தால் திறந்திருக்கும் நேரத்தில் துளி மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நகரும், படத்தில் அந்த நீளத்துக்கு ஒரு கோடாக விழும். 1/2000 வைத்தால் நான்கு மில்லிமீட்டர்தான் நகரும், ஏறக்குறைய உருண்டையாகவே நிற்கும். தனிப் புகைப்படத்தில் இந்த உருண்டை மிக அழகு. வீடியோவில்தான் சிக்கல். எல்லாத் துளியும் ஒரே மாதிரி இருப்பதால், அடுத்த ஃபிரேமில் ஆறரை சென்டிமீட்டர் தள்ளித் தெரியும் துளியை நம் கண் அதே துளி என்று எடுத்துக்கொள்ளாது. பக்கத்தில் இருக்கும் வேறொரு துளியோடு சேர்த்துப் பார்க்கும். அதனால் மழை கீழே விழாமல் அங்கங்கே பொறி பறப்பதுபோல் தெரிகிறது. நீங்கள் சொல்லும் "துள்ளுது" இதுதான். பகல் வெளிச்சத்தில் ஷட்டரை ஆட்டோவில் விட்டால் கேமரா தானாகவே 1/1000, 1/2000 என்று ஏற்றிவிடும். பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும்.

ஆகவே மரம், வீடு, சாலை எல்லாம் தெரியும்படி மழையை எடுக்கும்போது 120 ஃபிரேம், 1/240 ஷட்டர் என்று பூட்டிவிடுங்கள். கோட்டின் நீளமும் அடுத்த கோடு வரையுள்ள இடைவெளியும் ஏறக்குறைய சமமாக இருக்கும், கண் வழுக்கிக்கொண்டு பின்தொடரும். ஏற்காட்டில் மேகம் மூடிய மழை நேரத்தில் ஐஎஸ்ஓ 100, f/4 என்று வைத்தாலே 1/240-க்கு வெளிச்சம் சரியாக இருக்கும், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் பெரும்பாலும் தேவைப்படாது. போனில் அபர்ச்சரைக் குறைக்க முடியாது. அதில் ஐஎஸ்ஓவை அடிமட்டத்துக்கு இறக்குங்கள், அப்படியும் படம் வெளுத்தால் ஒரு சின்ன என்டி ஃபில்டரை மாட்டுங்கள்.

பின்னணிதான் இதில் பாதி வேலை. பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் பக்கம் பனிமூட்டம் ஏறியிருக்கும்போது பள்ளத்தாக்கைப் பார்த்து மழையை எடுத்தால் ஒன்றும் தெரியாது, வெள்ளைக்கு முன்னால் வெள்ளை. காபித் தோட்டத்து ஓரமாக நின்று, சில்வர் ஓக் மரங்களின் அடியில் இருக்கும் இருட்டைப் பின்னணியாக வையுங்கள். வெளிச்சம் உங்களுக்கு எதிரிலோ பக்கவாட்டிலோ இருந்து வரட்டும். அதே மழை அப்போது வெள்ளிக் கம்பியாகத் தெரியும். இன்னொன்று, லென்ஸுக்கு மிக அருகில் விழும் துளிகள் ஃபோகஸ் இல்லாமல் தடித்த சாம்பல் கோடுகளாகப் படத்தைக் கெடுக்கும். வராண்டாவின் விளிம்பில் நிற்காமல் ஒரு மீட்டர் உள்ளே தள்ளி நின்றால் அந்தத் தொல்லை போய்விடும், கேமராவும் நனையாது.

தெறிப்புக்கு வந்தால் கணக்கு அப்படியே புரண்டுவிடும். தெறித்த நீர் மழையைவிட மெதுவாகப் போகிறது, ஓர் இடத்திலேயே எழுந்து அடங்குகிறது, ஒவ்வொரு சிதறலுக்கும் தனி உருவம் இருக்கிறது. அதனால் கண் குழம்பாது, கூர்மையைத் தாராளமாகக் கொடுக்கலாம். 1/1000 குறைந்தபட்சம், வெளிச்சம் இருந்தால் 1/2000. ஆனால் இங்கே ஃபிரேம் ரேட் கழுத்தைப் பிடிக்கும். ஒரு மழைத்துளி குட்டையில் விழுந்து கிரீடம்போல் எழுவது நூற்றில் இரண்டு மூன்று பங்கு வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. 120 ஃபிரேமில் அதற்கு மூன்று ஃபிரேம் கிடைத்தால் அதிகம். கிரீடம்தான் வேண்டும் என்றால் 240-க்குப் போங்கள், அப்போதும் ஆறேழு ஃபிரேம்தான். 120 மட்டும் இருக்கிறதென்றால் பெரிய தெறிப்பாகப் பார்த்து எடுங்கள். குழந்தை குட்டையில் குதித்து நீர் இருபது சென்டிமீட்டர் மேலே எழும்பினால், அது எழும்பி விழச் சுமார் 0.4 வினாடி ஆகும். 120-இல் அது நாற்பத்தெட்டு ஃபிரேம், திரையில் கிட்டத்தட்ட இரண்டு வினாடி ஓடும்.

துளியைத்தான் எடுக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் வானத்து மழையை விட்டுவிட்டு ஓட்டு வீட்டுக் கூரை விளிம்பைப் பாருங்கள். மழை ஓயும் நேரத்தில் ஓட்டின் நுனியில் நீர் திரண்டு, தொங்கி, கழுத்து மெலிந்து அறுந்து விழும். அறுந்த இடத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் இறங்கும்போது அதன் வேகம் வினாடிக்கு 1.4 மீட்டர்தான். அதே துளி மூன்று மீட்டர் இறங்கித் தரையைத் தொடும்போது ஆறு மீட்டருக்கு மேல். ஆக, தரையருகே துரத்துவதை விட்டு விளிம்புக்குக் கீழே ஒரு சாண் உயரத்தை மட்டும் ஃபிரேமில் வையுங்கள். 120-இலேயே துளி ஃபிரேமுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் நிதானமாக இறங்கும், 1/1000-இல் கூர்மையாகவும் இருக்கும். சொட்டுகிற இடம் மாறாது என்பதால் ஓட்டின் நுனியில் மேனுவலாக ஃபோகஸ் பிடித்துவிட்டுக் காத்திருக்கலாம்.

இப்போது சேலத்தின் குகைப் பகுதித் தெரு, வேடம் கட்டியவர்கள் வண்டியில் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இருமுறை உச்சம் தொடுவதால் டியூப் லைட்டும் விலை குறைந்த எல்இடி விளக்குகளும் வினாடிக்கு நூறு முறை ஏறி இறங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 120 ஃபிரேமில் எடுத்தால் ஒரு ஃபிரேம் விளக்கின் உச்சத்தில் விழும், அடுத்தது சரிவில், அதற்கடுத்தது இறக்கத்தில். ஆறு ஃபிரேமுக்கு ஒருமுறை இந்த வரிசை திரும்ப வரும். அதை 24 ஃபிரேமில் ஓட்டினால் வினாடிக்கு நாலு தடவை வெளிச்சம் துடிக்கும். ஷட்டரை மாற்றியும் தப்ப முடியாது. விளக்கின் ஒரு முழு ஏற்ற இறக்கத்தையும் பிடிக்க 1/100 வினாடி திறந்திருக்க வேண்டும், 120 ஃபிரேமில் ஷட்டர் அதிகபட்சம் 1/120 வரைதான் திறக்கும்.

வழி எளிது. கேமரா மெனுவில் NTSC-இலிருந்து PAL-க்கு மாறுங்கள். 120 இருந்த இடத்தில் 100 வரும். ஷட்டரை 1/100 வையுங்கள், 1/200 வேண்டாம். வழக்கமான "ஃபிரேம் ரேட்டைப் போல் இரு மடங்கு" என்ற விதியை இந்த இடத்தில் மட்டும் விட்டுவிடுங்கள். 1/100-இல் ஒவ்வொரு ஃபிரேமும் விளக்கின் ஒரு முழுத் துடிப்பை விழுங்கிவிடுவதால் எல்லா ஃபிரேமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். 1/200-இல் பாதித் துடிப்புதான் சிக்கும், பட்டை பட்டையாக நிழல் ஊர்ந்து போகும். கூடவே, 1/240-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சமும் கிடைக்கிறது. இரவில் அது பெரிய லாபம்.

இவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் படம் கலங்காதா என்று தோன்றும். வேடம் கட்டி வண்டியில் நிற்பவர்கள் ஆளின் நடை வேகத்துக்குத்தான் நகர்கிறார்கள். 1/100-இல் அது ஒரு சென்டிமீட்டர் அளவு நகர்வு, அம்மன் வேடக்காரரின் கிரீடத்துச் சரிகை வரை தெளிவாக இருக்கும். பறையடிக்கும் குச்சியின் நுனி மட்டும் விசிறிபோல் விரியும். எனக்கு அது பிடிக்கும், அடியின் வேகம் அதில்தான் தெரிகிறது. குச்சி கூர்மையாக வேண்டுமென்றால் விளக்கு போடுவதற்கு முன், சாயங்கால வெளிச்சத்தில் 1/500-இல் எடுத்துவிடுங்கள். மஞ்சள் நீராட்டும் பகலில் கிடைத்தால் அப்படியே, எதிர்வெயிலில் 1/1000.

ஒரு வண்டியை வைத்துச் சொல்கிறேன். தெருவின் ஒரு பக்கம் நிற்கிறீர்கள், வண்டி வருகிறது, பின்னால் ஜெனரேட்டர். PAL, 100 ஃபிரேம், 1/100, f/2.8, ஐஎஸ்ஓ 1600-இலிருந்து 3200-க்குள். முதல் வண்டியை ஐந்து வினாடி எடுத்து, கேமராவிலேயே மெதுவாக ஓட்டி, யாருடைய வெள்ளை வேட்டியையாவது பாருங்கள். துடிப்போ பட்டையோ இருந்தால் முதலில் வெள்ளைத் துணியில்தான் தெரியும். ஜெனரேட்டர் சரியாக 50-இல் ஓடாமல் 52-இல் ஓடினால் வெளிச்சம் மெல்ல மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும், ஆனால் 1/100-இல் அது மிக லேசாகத்தான் இருக்கும், எடிட்டிங்கில் சரி செய்துவிடலாம். சீரியல் செட் வேறு கதை. அவற்றில் சில வினாடிக்கு ஐம்பது முறைதான் எரிந்து அணைகின்றன, 100 ஃபிரேமில் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேம் இருட்டாகும். பின்னணியில் புள்ளிகளாக இருந்தால் விடுங்கள். முகத்தின்மேல் அந்த வெளிச்சம் மட்டுமே விழுகிறதென்றால் 50 ஃபிரேம், 1/50-க்கு இறங்குங்கள்.

போனில் பெரும்பாலும் 100 இருக்காது. ஸ்லோமோ மோடை மறந்துவிட்டு, ப்ரோ வீடியோவில் 60 ஃபிரேம், 1/100 ஷட்டர் வையுங்கள். இதிலும் முழுத் துடிப்பு உள்ளே வந்துவிடும், துடிக்காது. 24 ஃபிரேம் டைம்லைனில் போட்டால் இரண்டரை மடங்கு மெதுவாகும், முகங்களுக்கு அது போதும். கேமராவில் 100-இல் எடுத்ததை 25 ஃபிரேம் டைம்லைனில் போடுங்கள், சரியாக நாலில் ஒரு பங்கு வேகம் வரும், எந்த ஃபிரேமும் விடுபடாது. ஏற்காட்டு மழை 120-இல் இருந்தாலும் கவலை இல்லை. அதை "ஃபிரேமுக்கு ஃபிரேம்" என்று அதே 25-இல் விரித்துக்கொள்ளலாம், கிட்டத்தட்ட ஐந்து மடங்கு மெதுவாக ஓடும்.