காணித் தரகு வேலைக்குப் போக நிற்கும் மகனைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உயர்தரம் எழுதிவிட்டு மகன் காணித் தரகு பார்க்கப் போகிறான், அது மரியாதையான வேலையா என்று கேட்டிருந்தீர்கள். மரியாதையான வேலைதான். ஆனால் வன்னியில் காணி விற்கிறவர் முதலில் காணிப் பத்திரம் வாசிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். மகனையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

அவருக்கு அப்போது 22 வயது. கிளிநொச்சியில் ஒருவர் தன் ஒரு ஏக்கரில் கால் ஏக்கரை, அதாவது 40 பேர்ச்சை, விற்கக் கொடுத்தார். "உறுதி இருக்குத் தம்பி" என்று பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்த பத்திரத்தைத் தூக்கிக் காட்டினார். தம்பி உறையைத் திறந்து பார்க்கவில்லை. ஃபேஸ்புக்கில் இப்படிப் போட்டார்: "ஏ9 வீதிக்கு மிக அருகில் உறுதிக் காணி. வற்றாத நன்னீர்க் கிணறு. வங்கிக் கடன் எடுக்கலாம்."

வவுனியாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். கனடாவில் இருக்கும் மகளுக்காக வாங்க நினைத்தவர். "மிக அருகில்" என்றது உள்ளே ஒன்றரைக் கிலோமீற்றர். அது புரட்டாதி மாதம். கிணற்றில் வாளி விட்டால் சேறுதான் வந்தது. ஆனாலும் அவருக்கு இடம் பிடித்துப்போனது. விலை பேசி, பத்திரத்தின் பிரதியை நொத்தாரிசிடம் கொண்டுபோனார்.

நொத்தாரிசு முதல் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். அது உறுதி அல்ல, அரசாங்கம் கொடுத்த அளிப்புப் பத்திரம். எங்கள் சனம் இரண்டையும் உறுதி என்றுதான் சொல்லும். காணி உரிமையாளர் பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னார். ஆனால் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. நொத்தாரிசும் எழுதிக்கொடுக்கக்கூடாது. அதோடு, எந்த அளவுக்குக் குறையப் பிரிக்கக்கூடாது என்றும் அந்தப் பத்திரத்திலேயே இருந்தது: அரை ஏக்கர். கால் ஏக்கராக விற்க வழியே இல்லை.

ஆசிரியர் சத்தம் போடவில்லை. "தம்பி, கிணறு வத்தினதை நான் பொறுத்திருப்பன். ஆனா நீங்கள் பாக்காத ஒண்டைப் பாத்தமாதிரி எழுதிப்போட்டியள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நூற்றுக்கு இரண்டு பேசிய தரகும் போனது. விற்கும் காசில் தன் மகளின் கல்யாணத்தைச் செய்ய இருந்த காணிக்காரரும் தம்பியோடு கதைப்பதை விட்டார். அந்த வாரம் தம்பி என் முன்னால் அழுதார்.

வேலையை விடச் சொல்லவில்லை. ஆறு மாதம் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் பிரதி எடுக்கவும் காணிப் பதிவகத்துக்கு அலையவும் அனுப்பினேன். அங்கேதான் உறுதி, அளிப்பு, பெர்மிட் மூன்றையும் கையால் தொட்டு வேறுபிரிக்கப் பழகினார். ஒரு காணி ஈட்டில் கிடக்கிறதா என்று பதிவேட்டில் பார்க்கவும் அங்கேதான் பழகினார்.

பிறகு முறிகண்டிப் பக்கம் அரை ஏக்கர் ஒன்றுக்கு அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"ஏ9 வீதியிலிருந்து மோட்டார் சைக்கிள் மீற்றரில் 1.8 கிலோமீற்றர். கடைசி 400 மீற்றர் கிரவல் பாதை. மார்கழி மழையில் ஒழுங்கையில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கும் என்று அயலவர் சொல்கிறார். கிணறு உண்டு, ஆவணி, புரட்டாதியில் அடியில்தான் தண்ணீர். உறுதிக் காணி, பதிவேட்டை நானே போய்ப் பார்த்தேன், ஈடு இல்லை. கடன் பற்றி வங்கியிடம் கேளுங்கள்."

அழைப்புகள் குறைந்தன. முன்னர் ஒரு நாளில் வந்த அளவு ஒரு வாரத்தில்தான் வந்தது. ஆனால் நேரில் வந்தவர்கள் கிணற்றைக் காட்டி விலை குறைக்கவில்லை, அதை வாசித்துவிட்டுத்தானே வந்தார்கள். மூன்றாவதாக வந்த குடும்பம் வாங்கியது.

இரண்டு விடயங்களை மகனிடம் கேளுங்கள் அம்மா. தரகுக் காசு எழுத்து முடிந்த பிறகுதான் கைக்கு வரும், அதற்கு மாதங்கள் போகும். அதுவரை செலவுக்கு வேறு வழி வைத்திருக்கிறானா? வீட்டில் இருக்கும் உங்கள் சொந்தக் காணிப் பத்திரத்தை எடுத்துக் கொடுங்கள். அது என்ன வகை, எவ்வளவுக்குக் குறையப் பிரிக்கக்கூடாது என்று வாசித்துச் சொல்வானா? தடுமாறினால் பத்திரத்தோடு சனிக்கிழமை காலையில் என்னிடம் வரச் சொல்லுங்கள். அந்தத் தம்பியும் வருவார். இருவரும் சேர்ந்து வாசிக்கட்டும்.